வில்பட்டி ரோடு காட்டேஜ்: இரவுப் பணிக்கான சரிபார்ப்புப் பட்டியல் (டிசம்பர் முதல் பிப்ரவரி வரை)

யாருக்கு: ரிசப்ஷன், ரூம் பாய், வாட்ச்மேன்
ஒட்டும் இடம்: சாவிப் பலகைக்குப் பக்கத்தில்

ஆபீஸ் அலமாரியில் இருக்கும் 32 பக்க நடைமுறைக் கோப்பை ராத்திரி 2 மணிக்கு யாரும் புரட்டப்போவதில்லை. அதில் இரவுக்கு வேண்டியதை மட்டும் இங்கே எடுத்து எழுதியிருக்கிறேன். பில், லாண்டரி எல்லாம் கோப்பிலேயே இருக்கட்டும். ⚠ போட்ட வரிகளில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கெஸ்ட் கோபித்தாலும் சரி, முதலாளிக்குத் தெரிந்தவர் என்றாலும் சரி.

சாயங்காலம் 6 மணி

☐ எல்லா அறைக்கும் கூடுதலாக ஒரு கம்பளி, ஒரு வெந்நீர்ப் பை கொடுத்தாயிற்றா? குளிருக்கு இவற்றைக் கொடுத்துவிட்டால் பாதிப்பேர் கரி கேட்க மாட்டார்கள்.
☐ ஹீட்டர் கேட்டால் பெரிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் ஒயர் உருகும்.
☐ 3, 4, 7-ஆம் அறைகளில் கேஸ் கீசர். சுடர் நீலமாக எரிகிறதா? மஞ்சளாக எரிந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, வாளியில் வெந்நீர் கொடுங்கள்.
☐ அதே அறைகளில் பாத்ரூம் வென்டிலேட்டரைப் பாருங்கள். குளிர்காற்று வருகிறது என்று துண்டைத் திணித்து வைப்பார்கள். எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்றும் சொல்லுங்கள்: காற்று போக வழியில்லாமல் கீசர் எரிந்தால் அதிலிருந்தும் விஷவாயு சேரும்.

⚠ கரி அடுப்பு, பார்பிக்யூ, கணப்புச் சட்டி எதுவும் அறைக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ போகக் கூடாது. தணல் ஆறியதுபோல் தெரிந்தாலும் கூடாது.

"ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். குளிரில் அரை மணி நேரத்தில் மூடிவிடுவார்கள், நாமும் அதைத்தான் செய்வோம். புகை வந்தால்தானே ஆபத்து என்று நம் ஆட்களே நினைப்பதுண்டு. உண்மை நேர்மாறானது. புகையே இல்லாமல் சிவப்பாகக் கனலும் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார்.

ராத்திரி 10 மணி: கேம்ப் ஃபயர் அணைப்பது

☐ தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மேலே காட்டினால் சூடு தெரியக் கூடாது.
☐ மிச்சக் கரி மூடி போட்ட இரும்பு டிரம்மில், வெளியே. ஸ்டோர் ரூமில் வேண்டாம், அங்கே வாட்ச்மேன் அண்ணன் படுக்கிறார்.
☐ எச்சில் தட்டுகளை உள்ளே எடுத்துவிட்டு கேட்டைச் சாத்துங்கள். காட்டுமாடு வந்து நின்றால் விரட்டாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கெஸ்ட்டை உள்ளே நிறுத்திவையுங்கள், அது தானாகப் போகும்.

ஒரே அறையில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ தலைவலி, மயக்கம், வாந்தி என்றால்

முதலில் நமக்குத் தோன்றுவது "குடித்திருப்பார்கள்" அல்லது "மலை ஏறி வந்த தலைசுற்றல்". இரண்டும் இருக்கலாம். ஆனால் அந்த அறையில் கரியோ கீசரோ எரிந்திருந்தால் அப்படி நினைத்து உட்காராதீர்கள்.

1. கதவைத் தட்டுங்கள், போன் செய்யுங்கள். பதில் இல்லையா? ⚠ மாஸ்டர் சாவியால் திறங்கள். என்னிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.
2. ⚠ தனியாக உள்ளே போகாதீர்கள். ஒருவர் வாசலில் நிற்கட்டும். மற்றவர் மூச்சை அடக்கிப் போய், கதவு ஜன்னலை விரியத் திறந்துவிட்டு உடனே வெளியே வரவேண்டும்.
3. ஆட்களைத் திறந்தவெளிக்குக் கொண்டுவாருங்கள். கரிச் சட்டி அப்புறம்.
4. 108-ஐக் கூப்பிடுங்கள். "மூடின அறையில் கரி எரிந்தது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். மயங்கியவர்களுக்கு உடனே ஆக்சிஜன் வேண்டும்.
5. மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சே இல்லையென்றால் 108-இல் பேசுகிறவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்துங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்.
6. தெளிந்துவிட்டேன், தூங்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த அறைக்குத் திரும்ப விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கேஸ் வாடை வந்தால்

⚠ சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். மேல் ஜன்னல் மட்டும் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும். வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

காலை 6 மணி, ஷிஃப்ட் மாற்றும்போது

☐ எந்த அறையில் யார் கரி கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று நோட்டில் ஒரு வரி. மறுநாள் ராத்திரியும் அவர்களேதான் கேட்பார்கள்.
☐ பகல் ஆள் அந்த வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.