உன் ரிவ்யூ தமிழில், அப்புறம் ஜூலை முதல் செப்டம்பர் வரை என்ன செய்யலாம்

தம்பி, நீ அனுப்பிய ரிவ்யூ தாளை இரண்டு தடவை படித்துவிட்டேன். "மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்கவே இல்லையாமே, அம்மா சொன்னார். அதற்கு "கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிறார்" என்றுதான் அர்த்தம். ஐந்துக்கு மூன்று. வேலைக்கு ஆபத்தே இல்லை.

மேனேஜர் எழுதியதைத் தமிழில் வைக்கிறேன்.

"அளவெடுப்பதில் நம்பிக்கையானவர். இவர் பார்த்து அனுப்பியதில் இந்தக் காலாண்டில் ஒரே ஒரு புகார்தான் வந்தது." இந்த வரி உன் கண்ணிலேயே படவில்லை என்று நினைக்கிறேன்.

"பிரச்சினையை முன்கூட்டியே சொல்வதில் முன்னேற்றம் தேவை." ப்ரோஆக்டிவ் என்ற சொல்லைப் பார்த்து உன்னைச் சோம்பேறி என்கிறார் என்று எடுத்துக்கொண்டாய், அது இல்லை. மே மாதம் நீ போனில் புலம்பினாயே, அந்த புஷ் துளை விஷயம். 25.00 மி.மீ., கூடவோ குறையவோ 0.02 போகலாம். 24.992, 24.988, 24.983 என்று மணிக்கு மணி இறங்கியதைத் தாளில் ஒழுங்காக எழுதினாய், ஆனால் லிமிட்டுக்குள்தானே இருக்கிறது என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. டூல் தேய்கிறது என்று அந்த மூன்று எண்களே சொல்லிவிட்டன. 24.977 வந்த பிறகு லைனை நிறுத்தி, 140 பீஸைத் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று.

"பொறுப்பை முழுமையாக ஏற்க வேண்டும்." அந்த ஒரு புகாருக்கு எட்டுப் படிகளில் எழுதும் 8டி ரிப்போர்ட்டைத்தான் சொல்கிறார். மூன்றாவது படி, சந்தேகப்பட்ட சரக்கைப் பிரித்து நிறுத்துவது, அன்றைக்கே முடித்தாய். நான்காவது மூலகாரணம், மெயின்டனன்ஸ் பதில் தரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டாய். இதில் அவர் சொல்வது நியாயம்.

"பிரசென்டேஷன் திறனை வளர்க்கலாம்." நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு இதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, அக்டோபரில் பார்க்கலாம்.

சரி, குறிக்கோள் படிவத்தில் இரண்டே இரண்டு எழுதுவோம்:

"அளவு தொடர்ந்து மூன்று முறை ஒரே பக்கம் நகர்ந்தால், லிமிட்டுக்குள் இருந்தாலும், பத்து நிமிடத்துக்குள் செட்டரிடமும் சூப்பர்வைசரிடமும் சொல்லி, சொன்ன நேரத்தை இன்ஸ்பெக்‌ஷன் தாளில் குறிப்பேன்."

"ஆகஸ்ட் 31-க்குள் ஒரு 8டி ரிப்போர்ட்டை முதல் படியிலிருந்து கடைசி வரை நானே நடத்துவேன். மெயின்டனன்ஸிலிருந்து இரண்டு நாளில் பதில் வராவிட்டால் சூப்பர்வைசர் மூலம் கூட்டம் கேட்பேன்."

"எல்லாப் புகாரையும் ஏழு நாளில் மூடுவேன்" என்று நீ எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டேன். மெயின்டனன்ஸ் ஆட்கள் உன் கையில் இல்லை, அவர்கள் தாமதித்தால் உன் மார்க் போகும். "ரிஜெக்‌ஷன் பூஜ்யம்" என்பதும் வேண்டாம், மெஷினை ஓட்டுவது நீ இல்லையே. நேரத்துக்குச் சொன்னாயா இல்லையா என்பது மட்டும் முழுக்க உன் கையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்ததும் கூப்பிடு. இரண்டையும் ஆங்கிலத்தில் டைப் பண்ணித் தருகிறேன், திங்களன்று மேனேஜரிடம் கொடுக்கும்போது அந்த மே மாதத் தாளையும் கையில் எடுத்துப் போ.