தொட்டியம் வாழை நார்: எழுத்துத் திட்டம், முதல் வரைவு

போட்டியில் காட்டிய 11 ஸ்லைடுகளை விரித்து எழுதியது. ஸ்லைடு சொல்லிவிட்டு ஆதாரம் தராமல் விட்ட இடங்களைச் சதுர அடைப்பில் குறித்திருக்கிறோம். நடுவர்களுக்குப் போகும் பிரதியில் அந்த வரிகளுக்கு ஆதாரம் சேர வேண்டும். கிடைக்காவிட்டால் வரியே போக வேண்டும்.

தொழில்

திருச்சி மாவட்டம் தொட்டியம் சுற்றுவட்டாரத்தில் தார் வெட்டியபின் நிற்கும் வாழை மரங்களை வாங்கி, மட்டை உரித்து, மெஷினில் நார் பிரித்து, காயவைத்து, கூடை, பாய், கைப்பை செய்யும் கூடங்களுக்குக் கிலோ 150 ரூபாய்க்கு விற்பது. ஒரு மெஷின், நாளுக்கு 20 கிலோ காய்ந்த நார், ஆண்டுக்கு 250 வேலைநாள்.

[ஸ்லைடு 5. நாளுக்கு 20 கிலோ என்பது மெஷின் விற்பவரின் விளம்பரத் தாளில் உள்ள எண். ஓடும் ஒரு மெஷினின் அருகே முழு ஷிப்ட் நின்று, காய்ந்தபின் எடை போட்டு எழுதுங்கள். ஈர நாரை எடை போட்டால் எண் வீங்கும்.]

மூலப்பொருள்

[ஸ்லைடு 3: "ஒரு மரத்துக்கு 1 கிலோ நார்." இது நிற்காது. உரித்த மட்டை 20 கிலோ என்று வைத்தால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மொத்த உலர்பொருளே 2 கிலோவைத் தாண்டாது. அதில் பாதி நாராக வராது. ஈர எடையில் 1 சதவீதம், அதாவது மரத்துக்கு 200 கிராம் என்று இந்த வரைவில் எடுத்திருக்கிறோம். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று ரகத்துக்கு ரகம் மாறும். ரகத்துக்குப் பத்து மரம் வெட்டிச் சோதியுங்கள். திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அளவிடும் முறையை அங்கே கேட்டுக்கொள்ளலாம்.]

இந்த ஒரு எண் மாறினால் திட்டம் முழுவதும் மாறுகிறது. 20 கிலோ நாருக்கு 20 மரம் போதாது, 100 மரம் வேண்டும். சுமை 400 கிலோ இல்லை, 2 டன். முக்கால் டன் ஏற்றும் குட்டி யானை ஒரு நடைக்குப் பதில் மூன்று நடை போக வேண்டும்.

[ஸ்லைடு 4: "விவசாயிகள் இலவசமாகவே தருவார்கள், மரத்தை அகற்ற ஏக்கருக்கு 4,000 ரூபாய் செலவழிக்கிறார்கள்." யாரிடம் கேட்டது என்று இல்லை. பக்கக்கன்றையே அடுத்த பயிராக வளர்த்து மறுதாம்பு விடுகிறவர் தாய்மரத்தை உடனே எடுக்க விடமாட்டார், பக்கக்கன்றுக்கு அதிலிருந்து சத்து இறங்குகிறது. வெட்டிப் போட்டு மூடாக்காக விடுகிறவர்களும் உண்டு. மறுதாம்பு விடுகிறவர், விடாதவர் என்று பிரித்து 30 பேரிடமாவது கேளுங்கள். உள்ளே இருக்கும் தண்டு காய்கறியாக விற்கும். அந்த வரவு ஸ்லைடில் இல்லவே இல்லை.]

செலவும் லாபமும்

ஸ்லைடு 8-இன்படி: கூலி மூன்று பேருக்கு 1,200, வண்டி 500, மின்சாரமும் மற்றதும் 100. நாளுக்கு 1,800, கிலோவுக்கு 90, லாபம் 60 ரூபாய். ஆண்டு லாபம் 3 லட்சம். 2 லட்சம் முதலீடு எட்டு மாதத்தில் திரும்பும்.

100 மரக் கணக்கில்: வெட்டி உரிக்க இன்னும் இரண்டு ஆள், கூலி 2,000, வண்டி 1,500, மற்றது 100. நாளுக்கு 3,600, கிலோவுக்கு 180. விற்கும் விலை 150 என்றால் கிலோவுக்கு 30 ரூபாய் நட்டம்.

எனவே எழுத்துத் திட்டத்தில் மெஷினை டிராலியில் ஏற்றித் தோட்டத்துக்கே கொண்டு போகிறோம். தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை, சக்கையும் வயலிலேயே கிடக்கும். டீசல் எஞ்சினுக்கும் டிராலிக்கும் கூடுதலாக 40,000. நாளுக்குக் கூலி 2,000, டீசலும் மற்றதும் 400, வண்டி 300, கிலோவுக்கு 135. லாபம் 15 ரூபாய், ஆண்டுக்கு 75,000. 2,40,000 ரூபாய் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும்.

[250 நாள் என்பதும் சந்தேகமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நார் காயாமல் பழுப்பேறும். பழுப்பு நாருக்கு விலை இறங்கும். உலர்த்தும் கொட்டகைக்கான செலவு எந்த ஸ்லைடிலும் இல்லை, மேலே உள்ள கணக்கிலும் இல்லை.]

சந்தை

[ஸ்லைடு 6: "1,000 கோடி சந்தை." மூலம் இல்லை. நாளுக்கு 20 கிலோ விற்கிறவருக்கு அந்த எண் பயனும் இல்லை. நீக்கிவிட்டோம்.]

[ஸ்லைடு 7: "மூன்று வாடிக்கையாளர்கள் தயார்." கையில் இருப்பது மூன்று வாட்ஸ்அப் பதில்கள், அதில் ஒன்று "சாம்பிள் அனுப்புங்க" மட்டுமே. ஒவ்வொருவருக்கும் 2 கிலோ அனுப்பி, விலை, நார் நீளம், நிறம், மாத அளவு நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். 150 ரூபாய் என்ற விலையே இந்தப் பதில்களைத்தான் நம்பியிருக்கிறது. கிலோவுக்கு 135-க்குக் கீழே கேட்டால் மேலே உள்ள திட்டமும் நட்டம்.]

[ஸ்லைடு 9: "போட்டியே இல்லை." வாங்கப்போகிற கூடங்கள் இன்று நார் எங்கே வாங்குகின்றனவோ அவர்களே போட்டி. பெயர், விலை, எத்தனை நாளில் தருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.]

கேட்கும் தொகை

ஸ்லைடு 11 கேட்பது 2 லட்சம். இந்த வரைவு முதல் கட்டமாக 25,000 மட்டும் கேட்கிறது: மெஷினை 10 நாள் வாடகைக்கு எடுத்து, மூன்று ரகத்தில் எடை பார்த்து, சாம்பிள் அனுப்ப. மரத்துக்கு 200 கிராமும் எழுத்தில் 150 ரூபாயும் கிடைத்தால் மீதிக்கு விண்ணப்பிப்போம்.