மறையூர் கடையிலிருந்து: விரலி மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், மஞ்சள் குங்குமம், சந்தனத் தூள்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் தாண்டி ஏறி வருகிறவர்கள் மறையூரில் வண்டியை நிறுத்தியதும் முதலில் கேட்பது சந்தனம். அடுத்து மஞ்சள், குங்குமம். மூன்றையும் கையில் எடுத்து மூக்கருகே வைத்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது சுத்தமானதுதானா?" அந்தக் கேள்விக்குக் கடையில் நின்று பத்து நிமிடம் பேசுவதை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

விரலி மஞ்சள் தூள் (200 கிராம், 80 ரூபாய்)

ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகளிடம் கிழங்காகவே வாங்குகிறோம். தை, மாசியில் அறுவடையான கிழங்கை வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயவைத்தால் நூறு கிலோ பச்சை மஞ்சள் சுமார் இருபது கிலோவாகச் சுருங்கும். அந்தக் காய்ந்த விரலியை இங்கே கொண்டுவந்து, உடைத்துப் பார்த்துவிட்டு அரைக்கிறோம்.

உடைத்துப் பார்ப்பது முக்கியம். நன்றாகக் காய்ந்த விரலி 'டக்' என்று உடையும். உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். மேல்தோல் பளபளவென்று மின்னி, உள்ளே வெளிறிக் கிடந்தால் அந்த மூட்டையை அப்படியே திருப்பி அனுப்புவோம். மெருகேற்றும்போது மேலே சாயம் ஏற்றிய கிழங்கு அப்படித்தான் இருக்கும். அதில் பயப்பட வேண்டியது ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமி. ஈயம் உடம்பில் தங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இன்னொன்று மெட்டானில் மஞ்சள் என்ற சாயம். உணவில் சேர்க்க அதற்கு அனுமதியே இல்லை.

வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைக் கலக்காமல் தூவிப் பாருங்கள். நல்ல தூள் மெல்ல அடியில் படியும், தண்ணீர் லேசாக மஞ்சளாகும். தண்ணீர் முழுக்கப் பளிச்சென்று மஞ்சளானால் சாயம் என்று சந்தேகப்படலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறோம்: ஈயக் குரோமேட் தண்ணீரில் கரையாது, அதனால் இந்தச் சோதனையில் அது மாட்டாது. அதற்கு ஆய்வகம்தான் வழி. எனவே ஒவ்வொரு லோடு மஞ்சளுக்கும் ஈயச் சோதனை செய்தபிறகே அரைக்கிறோம். அறிக்கை கடையில் இருக்கிறது, கேட்டால் அதன் படத்தை அனுப்புவோம்.

"இது பூஜை மஞ்சளா, சமையல் மஞ்சளா?" என்றும் கேட்கிறார்கள். எங்களிடம் இரண்டும் ஒன்றே. 'பூஜைக்கு மட்டும், உண்பதற்கு அல்ல' என்று அச்சடித்து விற்கும் மஞ்சள் உணவு விதிகளுக்குள் வராமல் போய்விடுகிறது. ஆனால் அந்தத் தூளைத்தான் நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசுகிறார்கள், வாசல்படிக்கு வைத்த கையோடு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். வயிற்றுக்கு ஆகாததை சாமிக்கு வைப்பதில் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

கஸ்தூரி மஞ்சள் தூள் (50 கிராம், 75 ரூபாய்)

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'கஸ்தூரி மஞ்சள்' என்று கடைகளில் நல்ல மஞ்சள் நிறத்தில், வட்ட வட்டமாக நறுக்கிக் காயவைத்து விற்பது பெரும்பாலும் வேறு கிழங்கு. மலையாளத்தில் மஞ்ஞக்கூவ என்பார்கள். விலை குறைவு, விளைச்சல் அதிகம். பார்த்தால் அதுதான் கஸ்தூரி மஞ்சள் என்று தோன்றும்.

உண்மையான கஸ்தூரி மஞ்சளை நறுக்கினால் உள்ளே வெளிர் சந்தன நிறம். கற்பூரம் மாதிரி ஒரு குளிர்ச்சியான வாசனை வரும். சமையல் மஞ்சளைப் போலத் தோலில் பிடிக்காது, அதனால்தான் பெண்கள் மட்டுமல்ல ஆண்களும் முகத்துக்குப் போடலாம் என்கிறோம். எங்கள் தூளின் நிறம் மங்கலாக இருக்கிறது என்று சிலர் திருப்பித் தந்ததும் உண்டு. அந்த மங்கல்தான் அதன் அடையாளம். கேரளத்தில் விளைந்த கிழங்கை முழுதாக வாங்கி, நாங்களே நறுக்கி நிழலில் காயவைக்கிறோம். முழுக் கிழங்காகவே வேண்டுமென்றாலும் தருகிறோம், கல்லில் உரசிக்கொள்ளலாம்.

பாலிலோ பயத்தமாவிலோ குழைத்து, முதல்முறை முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போடலாம். கண்ணைச் சுற்றியும் வெட்டுக் காயத்திலும் வேண்டாம். படை, சொரி குணமாகும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதற்குத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

மஞ்சள் குங்குமம் (100 கிராம், 120 ரூபாய்)

இதை நாங்கள் செய்ய ஆரம்பித்ததே அம்மாவால்தான். பல வருடம் ஒரே இடத்தில் வாங்கிய குங்குமத்தை வைத்து, நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வட்டமாகக் கறுத்துப் போனது. முதலில் அரிப்பு, அப்புறம் தோல் உரிந்தது, பிறகு அந்தக் கறுப்பு. மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன குங்குமம் வைக்கிறீங்க?" சாயக் குங்குமத்தால் வரும் ஒவ்வாமை என்றார். குங்குமத்தை நிறுத்தச் சொன்னார். சுமங்கலி நெற்றியை எப்படி வெறுமையாக விடுவது என்று அம்மா அழுதுவிட்டார். அத்தைதான், "நம்ம வீட்டிலேயே செஞ்சுக்கலாம், எங்க பாட்டி செய்வாங்க" என்று உருளியை எடுத்து வைத்தார்.

அதே முறையில்தான் இன்றும் செய்கிறோம். குண்டு மஞ்சளைச் சிறுசிறு துண்டுகளாக உடைக்கிறோம். வெங்காரத்தையும் கொஞ்சம் படிகாரத்தையும் பொடித்து எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, மஞ்சள் மேல் ஊற்றிப் பிசறுகிறோம். ஊற்றியதும் ஓரங்களில் சிவப்பு இறங்கும். கையால் புரட்டப் புரட்ட மஞ்சள் துண்டு ஒவ்வொன்றும் செம்மண் நிறமாகி, இரண்டாம் நாள் நன்றாகச் சிவந்துவிடும். வெயிலில் வைக்கக் கூடாது, மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். நிழலில் நன்றாகக் காய்ந்ததும் இடித்து, வெள்ளைத் துணியில் சலித்து, நல்லெண்ணெய் சில சொட்டு விட்டுத் தேய்க்கிறோம். இவ்வளவுதான்.

ஆகவே பொட்டலத்தில் '100 சதவீதம் மஞ்சள்' என்று எழுதவில்லை. அப்படி ஒரு குங்குமம் இருக்கவே முடியாது. மஞ்சள் தானாகச் சிவக்காது, வெங்காரமோ சுண்ணாம்போ சேர்ந்தால்தான் சிவக்கும். 'மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம், நல்லெண்ணெய். வேறு நிறமியோ செயற்கை வாசனையோ இல்லை' என்பதுதான் லேபிளில் உள்ள வாசகம். நாங்கள் சுத்தம் என்று சொல்வது இதைத்தான்.

நிறம் அடர்சிவப்பு, லேசான பழுப்பு கலந்திருக்கும். ரத்தச் சிவப்போ ரோஜா நிறமோ வராது. முறைக்கு முறை கொஞ்சம் மாறும். வாசனை மஞ்சள் வாசனைதான். வெள்ளைத் துணியில் பட்ட கறையை சோப்பு போட்டு அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் நாளடைவில் வெளுக்கும். சாயக் குங்குமத்தின் கறை அவ்வளவு சுலபமாகப் போகாது. தண்ணீரில் போட்ட உடனே ரோஜா நிறம் பிரிந்து ஓடும் குங்குமத்தை, எங்கே வாங்கியதானாலும், நெற்றிக்கு வைக்காதீர்கள். வகிட்டில் வைக்கும் சிந்தூரத்தில் சில இடங்களில் சிவப்பு ஈய ஆக்சைடு கலக்கப்படுவதுண்டு, அதிலும் கவனம் தேவை.

எங்களுடையது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சத்தியம் செய்ய முடியாது. எலுமிச்சையும் வெங்காரமும் சிலருக்கு எரியும். புண் உள்ள இடத்தில் வைக்க வேண்டாம், கைக்குழந்தைக்கு வேண்டாம். அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது. நெற்றிக் கறுப்பு முழுதாகப் போகவில்லை, மங்கியிருக்கிறது. இப்போது தினமும் இதையே வைக்கிறார்.

சந்தனத் தூள் (5 கிராம், 175 ரூபாய்)

மறையூரில் விற்பதெல்லாம் மறையூர்ச் சந்தனம் இல்லை. இதை மறையூர்க்காரராக நாங்களே சொல்வது வருத்தமாகத்தான் இருக்கிறது. இங்குள்ள சந்தனக் காடு கேரள வனத்துறையின் காவலில் இருக்கிறது. மரம் முறைப்படி டிப்போவுக்கு வந்து ஏலத்தில்தான் போகும். கோயில்களும் ஆலைகளும் போட்டி போட்டு எடுக்கின்றன. வைரம் பாய்ந்த கட்டை கிலோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். அப்படியிருக்க நூறு கிராம் தூள் ஐம்பது ரூபாய்க்கு எப்படி வரும்? கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். அதில் இருப்பது மரத்தூள், மஞ்சள் சாயம், வாசனை எண்ணெய்.

நாங்கள் ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடும் அனுமதிச் சீட்டோடும் கட்டையாக வாங்கி, வெள்ளைக்கட்டையைச் செதுக்கி நீக்கிவிட்டு வைரத்தை மட்டும் அரைக்கிறோம். வெள்ளைப் பகுதிக்கு வாசனையே கிடையாது. அதையும் சேர்த்து அரைத்தால் எடை கூடும், மணம் குறையும். எங்கள் தூள் வெளிர்பழுப்பு நிறம். பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கைத் தாக்கும் வாசனை இருக்காது. தண்ணீர் விட்டுக் குழைத்த பிறகு மெல்லக் கிளம்பி, நெற்றியில் காய்ந்த பின்னும் நிற்கும். செண்ட் கலந்த தூள் நேர்மாறு, முதலில் தூக்கலாக இருந்து சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

தினப் பூஜைக்கு நிறையத் தேவைப்படுகிறவர்களுக்காக 'பூஜைச் சந்தனம்' என்று இன்னொரு பொட்டலம் வைத்திருக்கிறோம், 50 கிராம் 60 ரூபாய். இதில் சந்தனம் கொஞ்சம்தான், மீதி வெட்டிவேர்த் தூளும் வேறு மரத்தூளும். லேபிளிலும் அப்படியே எழுதியிருக்கிறது. விக்கிரகத்துக்கும் படத்துக்கும் இடலாம், முகத்துக்குப் பூசாதீர்கள்.

திருப்பதிப் பக்கம் போய்வந்தவர்கள் செஞ்சந்தனம் கேட்கிறார்கள். அது வேறு மரம், ஆந்திரத்தின் சேஷாசல மலைக்காட்டு மரம். நிறம் உண்டு, சந்தன மணம் கிடையாது. நாங்கள் விற்பதில்லை.

வாங்குவதற்கு முன்

எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை அரைக்கிறோம், அரைத்த தேதி பொட்டலத்தின் பின்பக்கம் இருக்கும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மஞ்சளும் குங்குமமும் ஜன்னலோரம் இருந்தால் நிறம் போய்விடும். ஈரக்கையை விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

பிரித்த பொட்டலமானாலும் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரலாம், பணம் தருகிறோம். தோலில் ஏதாவது வந்தால் உடனே நிறுத்திவிட்டு எங்களிடமும் சொல்லுங்கள், அந்த மாத லோடையே எடுத்துப் பார்ப்போம். சந்தனத் தூளுக்கு மட்டும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னாறில் வண்டியைச் சோதித்துக் கேட்டால் அதைக் காட்டுங்கள்.