பழகிய சொல், பழகாத பொருள்
(பத்தாம் வகுப்பு, தமிழ்: சூழலறிந்து பொருள் காணும் பயிற்சித்தாள். நேரம்: 40 நிமிடம். மதிப்பெண்: 15)

மாணவர்களுக்கு:

சென்ற தேர்வில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற வரியைக் கொடுத்துப் பட்டத்துக்குப் பொருள் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "காற்றாடி" என்றும், நான்கு பேர் "படித்து வாங்குவது" என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் அந்தச் சொல்லுக்கு உரிய பொருள்கள்தாம். ஆனால் காற்றாடியைத் தேடிப் போய் யாரும் விதைப்பதில்லை. "விதை" என்ற சொல் பக்கத்திலேயே நின்று கையைக் காட்டியும் நீங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பட்டம் என்பது விதைப்புக்கு உரிய பருவம்.

அந்தத் திருத்தம் முடிந்த இரவே இந்தப் பயிற்சித்தாளை எழுதத் தொடங்கிவிட்டேன். இதில் கேட்டிருக்கும் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே உங்களுக்குத் தெரிந்தவை. சொல்லைக் கண்டதும் மனதில் எழும் பொருளை எடுத்து அந்த வரியிலேயே வைத்துப் படியுங்கள். வரி தடுக்கினால் அந்தப் பொருளை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் உள்ள சொற்களிடம் கேளுங்கள். அகராதி வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், விடை எழுதி முடித்த பிறகு அவர்களிடம் காட்டுங்கள்.

பத்தியைப் படித்து விடையளிக்க:

(1) எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடும் பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் வைகைப் பக்கம் திருப்பினார்கள். பேரணையில் பிரியும் பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் கள்ளந்திரி வரை இருபோகம் விளைய வைக்கிறது. அதற்கு அப்பால் கிடக்கும் எங்கள் நிலம் ஒருபூ நிலம். அந்த ஒரு பூவும் கண்மாய் நிறைந்தால்தான்.

(2) கண்மாய் நிறைந்ததை ஊருக்குச் சொல்கிறவர் நீர்க்கட்டி. நான் சிறுவனாக இருந்தபோது அந்த வேலையைப் பார்த்தவரைச் சின்னையா என்று கூப்பிடுவோம். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை அவர் ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. எங்கள் மடைக்கு இரண்டு கண். கண்மாய் ததும்பி நிற்கும்போது மேல் கண்ணை மட்டும் திறப்பார். தண்ணீர் தணிந்த பிறகுதான் கீழ்க் கண்ணைத் தொடுவார். மழை வலுத்த ஓர் ஐப்பசியில் கண்மாய் மறுகால் போனது. உடைப்பு எடுத்துவிடுமோ என்ற பயத்தில் இரவெல்லாம் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். கடையில் இருக்கும் செய்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் அவர் வீட்டுக்குத் திரும்பியதே இல்லை.

(3) மழை பொய்த்த ஆண்டில் நிலைமை வேறு. ஐந்து கரைக்காரர்களும் மந்தையில் கூடினார்கள். ஒவ்வொரு கரைக்கும் ஒரு பகல், ஓர் இரவு என்று முறை வைத்தார்கள். எங்கள் கரையில் மூத்தவர் அய்யா. "எங்கள் முறை கடைசியாக இருக்கட்டும், முதலில் மற்றவர்கள் பாய்ச்சட்டும்" என்று அவர் சொன்னதும் மந்தையில் சத்தம் அடங்கியது. சின்னையா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்கு நடந்தார்.

(4) தை பிறந்ததும் அறுப்பு. கதிரை அடித்துத் தாளை உதறிப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் களத்தின் ஓரத்தில் போர் எழுந்துவிட்டது. நாங்கள் அதன் உச்சியில் ஏறிச் சறுக்கினோம். காற்றுக் கிளம்பியதும் அப்பத்தா சுளகைத் தலைக்கு மேலே தூக்கித் தூற்றினார். பதர் பறந்து போய்த் தூரத்தில் விழுந்தது. நெல் அவர் காலடியில் குவிந்தது. பிறகு அய்யா மரக்காலைக் கையில் எடுத்தார். களத்தில் யாரும் பேசவில்லை. முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டும்போது "லாபம்" என்றார். அடுத்தது "இரண்டு". அதற்கடுத்தது "மூன்று". நீர்க்கட்டிக்கு உரியதை அளந்து கொடுத்த பிறகே எங்கள் வீட்டுச் சாக்கு விரிந்தது.

வினாக்கள்:

1. "ஒருபூ நிலம்": இங்கே பூ என்பது எது? அதே பத்தியில் இதே பொருளைத் தரும் வேறொரு சொல் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுதுக. (1)

2. "ஊருக்குச் சொல்கிறவர் நீர்க்கட்டி": நீர்க்கட்டி என்பது (1)
அ) உடலில் நீர் கோத்து உண்டாகும் வீக்கம்
ஆ) நீர் உறைந்த கட்டி
இ) நீரைத் தடுக்க வைக்கும் மண்கட்டி
ஈ) வயல்களுக்கு முறைப்படி நீர் பாய்ச்சும் பொறுப்பாளர்

3. "எங்கள் மடைக்கு இரண்டு கண்": கண் என்பது (1)
அ) பார்க்கும் உறுப்பு
ஆ) நீர் வெளியேறும் துவாரம்
இ) காவல் காப்பவர்
ஈ) ஏழாம் வேற்றுமை உருபு

4. பத்தி 2-இல் "கரையிலேயே உட்கார்ந்திருந்தார்". பத்தி 3-இல் "எங்கள் கரையில் மூத்தவர்". இரண்டு கரைக்கும் பொருள் எழுதி, இரண்டாவதற்குச் சான்றாக நிற்கும் சொல்லைக் காட்டுக. (2)

5. "கடையில் இருக்கும் செய்களுக்கு": கடை, செய் இரண்டுக்கும் பொருள் தருக. "செய்" இங்கே வினைச்சொல் ஆகாது என்பதை இலக்கணம் கொண்டு நிறுவுக. (2)

6. "கண்மாய் மறுகால் போனது": என்ன நடந்தது? ஒரே வரியில் எழுதுக. (1)

7. போர், தூற்றினார்: இவற்றின் வழக்கமான பொருளையும் பத்தி 4-இல் உள்ள பொருளையும் எழுதுக. "தூற்றினார்" என்பதற்குச் சான்றாக நிற்கும் சொற்கள் குறைந்தது மூன்றைப் பத்தியிலிருந்து எடுத்துக் காட்டுக. (3)

8. "அய்யாவுக்கு ஒரு கால் இல்லை, மரத்தாலான கால் பொருத்தியிருந்தார்" என்று ஒரு மாணவர் எழுதுகிறார். அவர் மனம் நோகாமல், பத்தியின் வரிகளைக் கொண்டே மூன்று வாக்கியங்களில் திருத்துக. (2)

9. "லாபம்" என்ற சொல் களத்தில் எதற்குப் பதிலாக நிற்கிறது? எப்படித் தெரிந்தது? (2)

விடைக் குறிப்பு (எழுதி முடித்த பிறகு படிக்க):

1. பூ என்றால் விளைச்சல், சாகுபடி. இணைச்சொல்: போகம். "இருபோகம்" என்று முந்திய வரியில் படித்தவுடன் "ஒருபூ" வந்தால், இரண்டும் எண்ணிக்கையில் ஒன்றையொன்று பார்த்து நிற்பது தெரியவேண்டும்.

2. ஈ. இங்கே நிறையப் பேர் "இ" எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர், மண், வரப்பு எல்லாம் சேர்ந்து அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் மண்கட்டி ஊருக்குச் சேதி சொல்லாது. "சொல்கிறவர்" என்ற ஒரு சொல் மற்ற மூன்றையும் தள்ளிவிடுகிறது. சொல் பிறந்த வழியையும் பாருங்கள். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, வானில் பாடுவது வானம்பாடி. அதே போல, வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர் நீர்க்கட்டி. "வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அந்தக் "கட்டு"தான் இது. இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் ஸ்கேன் அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. நம் கண்மாய்களைக் காத்த மனிதர்களுக்கும் அதுதான் பெயர் என்பதை நீங்கள் அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே இந்த வினாவைச் சேர்த்தேன்.

3. ஆ. பாலத்துக்கும் மதகுக்கும் கண் உண்டு. "ஈ" எழுதியவர்கள் இலக்கணத்தை நினைவில் வைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் வேற்றுமை உருபை யாரும் திறந்து மூட முடியாது.

4. பத்தி 2: கண்மாயின் மேட்டுக் கரை. இது நாம் அறிந்த பொருளேதான். எல்லா வரியிலும் புதுப்பொருள் தேடி அலையவேண்டாம் என்பதற்காக இதை வைத்தேன். பத்தி 3: பங்காளிகளின் கூட்டம், ஊரின் ஒரு பிரிவு. சான்று: "கரைக்காரர்கள்" அல்லது "மூத்தவர்". இரண்டில் எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. மேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இது வீட்டுச் சொல்; மதுரை நகரத்துக்குள் வளர்ந்தவர்கள் வரியை நம்பியே கண்டுபிடிக்கவேண்டும்.

5. கடை: கோடி, கடைசிப் பகுதி. செய்: வயல். செய் வினையாக இருந்தால் "-களுக்கு" என்று பன்மையும் வேற்றுமையும் ஏற்காது, பெயர்ச்சொல்தான் ஏற்கும். நன்செய், புன்செய் என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம், அதற்குள் இந்தச் "செய்" உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை.

6. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய நீர் வெளியேறியது. வாய்க்காலில் உள்ள "கால்"தான் மறுகாலிலும் இருக்கிறது.

7. போர்: வழக்கமாகச் சண்டை, இங்கே வைக்கோல் குவியல். தூற்றினார்: வழக்கமாகப் பழித்தார், இங்கே காற்றில் நெல்லையும் பதரையும் பிரித்தார். சான்றுகள்: காற்று, சுளகு, பதர், நெல், குவிந்தது.

"அப்பத்தா யாரையோ திட்டினார்" என்று படித்தவர்கள் மறுபடியும் அந்த வரிக்குப் போங்கள். திட்டுகிறவர் சுளகை ஏன் தலைக்கு மேலே தூக்கவேண்டும்? காற்றுக் கிளம்பும் வரை ஏன் காத்திருக்கவேண்டும்? "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்ற பழமொழியை எல்லோரும் சரியாகச் சொல்கிறீர்கள், ஆனால் அதில் உள்ள தூற்றுதலைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த வகுப்பில் மூன்று பேர்தான். சுளகு சரிய, நெல் நேரே கீழே இறங்கும். எடையில்லாத பதரைக் காற்று வாங்கிக்கொண்டு போகும். பிறரைப் பழிப்பதற்கு இந்தச் சொல் ஏன் வந்தது என்று அந்தக் காட்சியைப் பார்த்தால் நீங்களே யோசிப்பீர்கள். அந்த யோசனையை எழுதியவர்களுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண்.

8. மாதிரி விடை: "தம்பி, அய்யா மரக்காலைக் கையில் எடுத்தார் என்றும், அதைச் சாக்கில் கொட்டினார் என்றும் பத்தி சொல்கிறது. காலைக் கொட்ட முடியாது, நெல்லைத்தான் கொட்ட முடியும். எனவே மரக்கால் என்பது தானியம் அளக்கும் கருவி."

9. "ஒன்று" என்ற எண்ணுக்குப் பதிலாக. அடுத்து வருபவை இரண்டு, மூன்று. ஆகவே வரிசையில் விடுபட்ட எண் ஒன்று. "நல்ல வருமானம் கிடைத்த மகிழ்ச்சியில் சொன்னார்" என்று எழுதினால் அரை மதிப்பெண்தான். அளந்து முடியாமல் வருமானம் எவ்வளவு என்று அய்யாவுக்கே தெரியாது. ஒன்றிலிருந்து தொடங்காமல் நல்ல சொல்லிலிருந்து தொடங்குவது களத்தின் வழக்கம். இன்றும் நெல் அளக்கும் பெரியவர்கள் சிலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். முதல் மரக்கால் சாக்கில் விழும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.