காலங்கடந்த பிறப்பு, இறப்புப் பதிவும் சத்தியக்கடதாசியும்: புதுக்குடியிருப்புப் பிரதேச மக்களுக்கான விளக்கக் குறிப்பு

1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி (110 ஆம் அத்தியாயம்), ஒரு பிறப்பை அது நிகழ்ந்து 42 நாட்களுக்குள்ளும், வீட்டில் நிகழ்ந்த இறப்பை 5 நாட்களுக்குள்ளும் உரிய பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். உரிய காலத்தில் செய்யும் பதிவுக்குக் கட்டணம் இல்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் முதலில் கிராம அலுவலரிடம் அறிவித்து அவரது அறிக்கையைப் பெற வேண்டும். மரணம் திடீரென அல்லது ஐயத்துக்கிடமாக நேர்ந்திருந்தால், திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணைக்கு முன்னர் உடலை அடக்கம் செய்யலாகாது.

பிறப்பு நிகழ்ந்து மூன்று மாதங்கள் கடந்துவிட்டால், சட்டத்தின் 24 ஆம் பிரிவின் கீழ் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை ஏற்பவர், பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரே ஆவார். குடும்பம் இப்போது வாழும் இடத்தின் பதிவாளர் அல்லர். வன்னியில் இந்த ஒரு விடயமே பலரை அலைக்கழிக்கின்றது. போர்க்காலத்தில் தேவிபுரத்தில் பிறந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் தங்கி, இன்று கிளிநொச்சியில் படிக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் இங்குதான் வர வேண்டும். அதே குடும்பத்தின் அடுத்த பிள்ளை முகாமிலிருந்து வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிறந்திருந்தால் அதன் பதிவு வவுனியாவுக்குரியது.

விண்ணப்பிக்க முன்னர் பதிவேட்டில் தேடுதல் செய்விப்பது கட்டாயம். பதியப்படவில்லை என்று குடும்பத்தினர் நம்பிய பல பிறப்புகள் வைத்தியசாலை வழியாக ஏற்கனவே பதியப்பட்டிருப்பதுண்டு. ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவுகள் ஏற்பட்டால், பின்னர் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் வரும் சிக்கலைத் தீர்ப்பது, காலங்கடந்த பதிவைவிடப் பன்மடங்கு சிரமமாகும். பதிவு இல்லையென்ற தேடல் பெறுபேற்றுடன், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, குடும்பநல உத்தியோகத்தரின் குறிப்பு, பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானச் சான்றிதழ், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், சகோதரரின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம அலுவலரின் அறிக்கை ஆகியவற்றுள் கிடைப்பவற்றை மூலப்பிரதிகளாகக் கொண்டுவரவும். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்துவிட்டன என்று சொல்லும் குடும்பங்களிலும், தடுப்பூசி அட்டை மட்டும் பிளாஸ்ரிக் பைக்குள் தப்பியிருப்பதைக் காண்கிறோம். அது சிறிய ஆவணம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சத்தியக்கடதாசி இந்த ஆவணங்களுக்குத் துணையானதேயன்றி அவற்றுக்குப் பதிலானதன்று. அதைச் சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில், அவர் வாசித்து விளங்கப்படுத்திய பின்னரே ஒப்பமிட வேண்டும்; ஒப்பமிட்ட வெறுந்தாளை ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்வது செல்லாது. இந்துக்கள் உறுதிமொழி கூறியும் கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்தும் சத்தியக்கடதாசி கொடுப்பது வழமை. பிறப்பை அறிந்த பெற்றோர், உறவினர் அல்லது அயலவரே சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். தாம் எவ்வாறு அறிந்தார் என்பதே அதன் உயிர். “மேற்படி பிள்ளை பிறந்ததை நான் அறிவேன்” என்ற ஒற்றை வரி எந்தப் பதிவாளரையும் திருப்திப்படுத்தாது. பிள்ளையின் அம்மம்மா பின்வருமாறு கூறலாம்:

“2009 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11 ஆம் திகதி இரவு, தேவிபுரத்தில் நாங்கள் தங்கியிருந்த தறப்பாள் கொட்டகையில் என் மகள் பெண் பிள்ளையைப் பெற்றபோது நான் அருகில் இருந்தேன். ஷெல் வீச்சு நடந்துகொண்டிருந்ததால் வைத்தியசாலைக்குப் போக முடியவில்லை. தொப்புள்கொடியை வெட்டியவள் நானே. பிறப்பை அப்போது எவரும் பதியவில்லை. இப்பிள்ளைக்கு வேறெங்கும் பிறப்புப் பதிவு இல்லை என்பதை நான் நம்புகின்றேன்.”

நேரில் கண்டதையும் கேட்டறிந்ததையும் பிரித்தே சொல்ல வேண்டும். திகதி நினைவில்லாவிட்டால், ஊகித்த திகதியை உறுதியாகக் கூறாமல் மாதத்தையும், அதை நினைவில் வைத்திருக்கும் காரணத்தையும் சொல்லுங்கள். பொய்ச் சத்தியம் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

பதிவு செய்யுமளவுக்குப் போதிய சான்று இல்லாதவருக்கு, உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி உண்டு. ஆனால் அது பிறப்புச் சான்றிதழ் ஆகாது.

இறப்பிலும் மூன்று மாதங்கள் கடந்தால் காலங்கடந்த பதிவு நடைமுறையே பொருந்தும். அடக்கத்தைக் கண்டவரின் சத்தியக்கடதாசியில் இடமும் சூழ்நிலையும் தெளிவாக இருக்க வேண்டும். உடல் காணப்படாமல் போரில் காணாமற்போனவர்களின் நிலை வேறு. ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போயிருப்பவர் இறந்துவிட்டதாக நெருங்கிய உறவினர் நம்பினால், 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் சத்தியக்கடதாசியுடன் விண்ணப்பிக்கலாம். இறந்ததாக ஏற்க மனம் இல்லாதோருக்கு, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழை வழங்க வழி செய்கிறது. எதைத் தெரிவுசெய்வது என்பது குடும்பத்தின் உரிமை. இறப்புச் சான்றிதழ் எடுக்கும்படி எந்த அலுவலரும் எவரையும் வற்புறுத்தலாகாது.