காணாமற்போன பொதி: கண்காணிப்பு இலக்கம் CMB77412963

வெள்ளவத்தை, கொழும்பு 06
17.10.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மணி,

முறைப்பாட்டு இலக்கம் C-58213

06.10.2025 திங்கள் மாலை 4.20க்கு உங்கள் வெள்ளவத்தைக் கிளையில், நல்லூர் முகவரிக்கு ஒரு பொதி ஒப்படைத்தேன். நிறை 2.400 கிலோ, கட்டணம் ரூ. 850. உள்ளே ஒரு கூறைச்சேலையும் தைத்த மூன்று சட்டைகளும் இருந்தன. பெறுமதி ரூ. 68,500 எனப் பற்றுச்சீட்டிலேயே பதியப்பட்டுள்ளது. பழுப்புக் காகித அட்டைப்பெட்டி. நான்கு மூலையும் நீல நாடாவால் ஒட்டி, மேலே முகவரியைக் கறுப்பு மார்க்கரால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன்.

உங்கள் இணையத்தளம் காட்டும் பதிவுகள் இவ்வளவுதான்:

06.10 16:24 Accepted, 2.400 kg
07.10 02:40 Arrived Hub Peliyagoda, 0.620 kg
07.10 03:05 On Hold

அதன்பிறகு ஒரு ஸ்கேன்கூட இல்லை. 09.10 அன்று அழைத்தபோது "இரண்டு வேலைநாளில் வரும்" என்றார்கள். 13.10 அன்று முறைப்பாடு பதிந்தேன். 15.10 அன்று அது Resolved என மூடப்பட்டதாகக் குறுந்தகவல் வந்தது. பொதி இன்றுவரை நல்லூருக்குப் போய்ச் சேரவில்லை.

நிறையைத் தயவுசெய்து கவனியுங்கள். ஒரே பொதி ஓரிரவில் 1.780 கிலோ குறையாது. அடுத்த இலக்கமான CMB77412964ஐத் தேடிப் பார்த்தேன்: கிளையில் 0.620 kg, பேலியகொடையில் 2.400 kg, 08.10 அன்று மாத்தறையில் Delivered. கவுண்டரில் அடுத்தடுத்து அச்சான இரு லேபல்களும் மாற்றி ஒட்டப்பட்டுள்ளன என்பதே என் முடிவு. அப்படியானால் என் பெட்டி மாத்தறையில் இருக்கிறது. என் லேபல் ஒட்டிய சிறிய பொதி, கையெழுத்து முகவரியோடு பொருந்தாமல் பேலியகொடையில் கிடக்கிறது. 963ஐ மட்டும் தேடினால் என் பெட்டி அகப்படாது.

ஆகவே முதலில் 964இன் பெறுநருக்கு அழைத்து, நீல நாடாப் பெட்டி அவரிடம் உள்ளதா எனக் கேளுங்கள். இருந்தால் உங்கள் செலவில் எடுத்து நேரே நல்லூருக்கு அனுப்புங்கள். கலியாணம் 30ஆம் திகதி. பேலியகொடையில் ஒதுக்கிவைத்த பொதியைத் திறக்காமல் படமெடுத்து அனுப்புங்கள். அது இன்னொருவருடைய சாமான், அவரும் தேடிக்கொண்டிருப்பார். 06.10 மாலை 4.15 முதல் 4.40 வரையான கவுண்டர் கமராப் பதிவை அழிந்துபோகுமுன் எடுத்து வையுங்கள்.

திங்கள் தீபாவளி விடுமுறை என்பதால், மாத்தறை அழைப்பின் முடிவையாவது நாளை சனி மாலை 5 மணிக்குள் அறியத்தாருங்கள். 24ஆம் திகதிக்குள் பொதி சேராவிட்டால், பதிந்த பெறுமதியும் கட்டணமுமாக ரூ. 69,350 நட்டஈடாகத் தரவேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டு, சேலைக் கடை பில், இரு இலக்கங்களின் திரைப்பிடிப்புகள், ஒட்டிய பெட்டியின் புகைப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பற்றுச்சீட்டிலுள்ள கைபேசி இலக்கத்துக்கே அழையுங்கள். C-58213ஐ மீண்டும் திறந்து, பொறுப்பாக ஒருவரை நியமித்து அவர் பெயரைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சு. வசந்தி