கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மார்கரெட்டின் கைப்பையில் இருந்த ஸ்பானிய உரையாடல் கையேடு அவருடைய கணவர் 1992இல் வாங்கியது. செவில் நகரில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு. அதை நம்பித்தான் இருவரும் ஸ்பெயினின் தெற்குப் பகுதியைப் பஸ்ஸிலேயே சுற்றி வந்தார்கள். கேட்டவர்கள் எல்லோரும் மரியாதையாக வழி சொன்னார்கள். கணவர் இப்போது இல்லை. "பஸ் எங்கே பிடிக்கலாம்?" என்ற வரி மட்டும் மார்கரெட்டுக்கு இன்னும் மனப்பாடம்.

ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியைக்கு அர்ஜென்டினா பெரிய ஆசை. புவெனஸ் அய்ரஸில் இறங்கிய மறுநாள் காலையிலேயே பிளாசா தே மாயோவுக்கு வந்துவிட்டார். லா போகாவுக்குப் போக வேண்டும். கமினீத்தோ தெருவில் தகர வீடுகளுக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்திருப்பார்களே, அதைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் பஸ்ஸை 'கொலெக்தீவோ' என்பார்கள் என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். கையேட்டின் வரியில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டார்.

வினை அங்கேதான். பழைய சொல்லையே வைத்திருந்தால், ஸ்பெயின்காரர்களிடம் பாடம் படித்தவர் போலிருக்கிறது என்று விட்டிருப்பார்கள்.

நிறுத்தத்தில் வரிசை ஒழுங்காக நின்றது. அந்த ஊர்க்காரர்கள் எதற்கு அவசரப்பட்டாலும் பஸ்ஸுக்கு வரிசையில்தான் நிற்பார்கள். கடைசியில் நின்ற கோட்டுக்காரப் பெரியவரிடம் மார்கரெட் கேட்டார்:

"தோந்தே புவேதோ கொஹேர் எல் கொலெக்தீவோ?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்னால் நின்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுடைய தோள்கள் குலுங்கின.

உச்சரிப்பு சரியில்லை போலும் என்று மார்கரெட் நினைத்தார். முப்பது ஆண்டுகள் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பாடம் நடத்திய குரல் அது. ஒவ்வோர் அசையையும் பிரித்து, பக்கத்துப் பெட்டிக்கடை வரை கேட்கும்படி மறுபடியும் கேட்டார்.

கடைக்காரர் தலையை நீட்டினார். "பஸ்ஸின் புகைபோக்கிக் குழாயைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை, செஞோரா!"

அந்த ஊரில் அது அரதப் பழசான நகைச்சுவை. ஆனாலும் வரிசை முழுவதும் சிரித்தது. மார்கரெட்டும் சிரித்துவைத்தார், மக்கள் இவ்வளவு கலகலப்பானவர்கள் என்று எந்தச் சுற்றுலாப் புத்தகமும் சொல்லவில்லையே! உற்சாகம் பிறந்து, கையேட்டைத் திறந்து அடுத்த வரிகளையும் வாசித்தார். இங்கேயே பிடிக்கலாமா? இரவில் கடைசியாக எத்தனை மணிக்குப் பிடிக்கலாம்? எல்லாவற்றிலும் அதே வினைச்சொல். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் வயதில் ஒன்பது மணிக்கு மேல் எதுவும் முடியாது" என்றார்.

64ஆம் எண் பஸ் வந்தது. பெரியவர் மார்கரெட்டை முன்னால் ஏற்றி, ஓட்டுநரிடம் இறங்குமிடத்தைத் தாமே சொல்லிவிட்டு நகர்ந்தார். மார்கரெட் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

பக்கத்து இருக்கையில் நர்ஸ் உடையில் ஒரு பெண் உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். மெதுவாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"அம்மா, நீங்கள் கேட்டது ஸ்பெயினில் சரி. அங்கே 'கொஹேர்' என்ற சொல்லுக்குப் பிடிப்பது, எடுப்பது என்று பொருள். இங்கே அப்படியில்லை. ஆணும் பெண்ணும் படுக்கையில்... அதுவும் கழிப்பறைச் சுவரில் எழுதுகிற தரத்தில்."

மார்கரெட் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு விரலை மடக்கிக் கணக்கிட்டார். "நான் மூன்று கேள்வி கேட்டேன்."

"முதல் கேள்வியை இரண்டு முறை கேட்டீர்கள்."

"பஸ்ஸோடு."

"ஆமாம். நேரமும் விசாரித்தீர்கள்."

மார்கரெட்டின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. ஆனால் ஆசிரியை ஆசிரியைதான். பென்சிலை எடுத்து, "சரியான சொல் எது?" என்றார். 'தொமார்' என்றாள் அந்தப் பெண். பழைய சொல்லை அடித்துவிட்டு ஓரத்தில் அதை எழுதிய பிறகு, கையேட்டையே அவளிடம் நீட்டினார். "வேறு எங்காவது இப்படி இருக்கிறதா, பாருங்கள்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். உணவகம், மருந்துக்கடை, தபால் நிலையம் எல்லாம் கடந்தன. கடற்கரைப் பக்கத்தில் கை நின்றது. 'இங்கே சிப்பி எடுக்கலாமா?' என்று ஒரு வரி. எடுப்பதற்கு அதே வினைச்சொல். சிப்பிக்கு 'கொன்ச்சா'. புவெனஸ் அய்ரஸில் அது பெண் உடலில் எந்த இடத்தைக் குறிக்கும் என்பதைப் பஸ்ஸில் வைத்து எப்படி விளக்குவது? கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் இருக்கையே ஆடியது.

"அம்மா, கடற்கரைப் பக்கம் எங்கும் போகிறீர்களா?"

"வியாழக்கிழமை மார் தெல் பிளாத்தா. டிக்கெட் எடுத்துவிட்டேன்."

அவள் கையேட்டை மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது என்னிடமே இருக்கட்டும். நீங்கள் ஊர் திரும்பும்போது விடுதியில் கொண்டுவந்து கொடுக்கிறேன்."